120 வடிகட்டும் சிறுநீரகம் 600 மில்லிலிட்டரைச் சுத்தமாக்குவது எப்படி?

"ஐயா, நான் சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறேன். பாரா-அமினோஹிப்பூரேட் கிளியரன்ஸ் கணக்கைப் போட்டால் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் என்று விடை வருகிறது. சிறுநீரகம் வடிகட்டுவதே 120தானே? வடிகட்டாத பிளாஸ்மாவை அது எப்படிச் சுத்தமாக்க முடியும்? அந்த எண்ணை ஏன் பிளாஸ்மா ஓட்டம் என்கிறார்கள்? இன்னொன்று: பாடத்தில் வரும் புரோபெனெசிட் மருந்தைத்தான் என் தாத்தா யூரிக் அமிலக் கீல்வாதத்துக்குச் சாப்பிடுகிறார். இரண்டுக்கும் என்ன தொடர்பு?"

கிளியரன்ஸ் என்பது ஒரு நிமிடத்தில் எவ்வளவு பிளாஸ்மாவிலிருந்து ஒரு பொருள் முழுவதும் நீக்கப்படுகிறது என்ற கணக்கு. வடிகட்டப்படாத பிளாஸ்மா சிறுநீரகத்தைத் தொடாமல் போய்விடுகிறது என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. குளோமருலஸ் என்னும் தந்துகி முடிச்சுக்குள் வரும் பிளாஸ்மாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வடிந்து நுண்குழலுக்குள் இறங்குகிறது. மீதி நான்கு பங்கும் முடிச்சிலிருந்து வெளிச்செல் நுண்தமனி வழியாகக் கிளம்புகிறது. ஆனால் அது நேராகச் சிரைக்குப் போவதில்லை. மறுபடியும் தந்துகிகளாகப் பிரிந்து, சிறுநீரகப் புறணியிலுள்ள நுண்குழல்களை வெளிப்பக்கமிருந்து சுற்றிப் படர்கிறது. ஒரே இரத்தம் அடுத்தடுத்து இரண்டு தந்துகி வலைகளைக் கடக்கும் இந்த அமைப்புதான் உங்கள் கேள்விக்கு விடை. முதல் வலையில் தப்பியதை இரண்டாவது வலையில் நுண்குழல் செல்கள் பிடித்துக்கொள்கின்றன. இரத்தத்திலிருந்து எடுத்துக் குழலுக்குள் தள்ளும் இந்த வேலைக்குத்தான் நுண்குழல் சுரப்பு என்று பெயர்.

இதை ஒரு காலத்தில் பலர் நம்பவில்லை. வடிகட்டலும் மீளுறிஞ்சலும் சேர்ந்தே சிறுநீரை முழுவதும் விளக்கிவிடும் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுவாக இருந்தது. அமெரிக்காவில் மார்ஷலும் விக்கர்ஸும் 1923இல் ஃபீனால் சிவப்பு என்ற சாயத்தைக் கொண்டு நாய்களில் செய்த சோதனைகள் அந்த எண்ணத்தை அசைத்தன. வடிகட்டல் மட்டும் கொடுக்கக்கூடிய அளவைவிட அதிகமான சாயம் சிறுநீரில் வந்தது. பின்னர் மார்ஷல், குளோமருலஸே இல்லாத கடல்மீன்களைக் கையில் எடுத்தார். வடிகட்டும் முடிச்சு இல்லாத அந்த மீன்களின் சிறுநீரிலும் சாயம் வந்து சேர்ந்தது. வடிகட்டாமலே வெளியேற்ற முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமான சோதனை 1948இல் ராய் ஃபார்ஸ்டர் செய்தது. தட்டைமீனின் சிறுநீரகத்திலிருந்து நுண்குழல்களைப் பிரித்தெடுத்து, ஃபீனால் சிவப்பு மிக இலேசாகக் கலந்த உப்புநீரில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். இரத்த ஓட்டம் இல்லை, வடிகட்டும் அழுத்தம் இல்லை. வெறும் குழல்தான். சுற்றியுள்ள நீரில் நிறம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இருக்க, குழலின் உள்வெளியில் மட்டும் சாயம் சேர்ந்து சிவந்து அடர்கிறது. செல்லின் சுவாசத்தைத் தடுக்கும் நஞ்சைச் சேர்த்தால் அந்த அடர்வு நின்றுவிடுகிறது. ஆகவே சாயம் தானாகக் கசிந்து போகவில்லை. ஆற்றல் செலவழித்து, குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்குச் செல்கள் அதைக் கடத்துகின்றன.

இந்தக் கடத்தலின் உள்வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். இனி நான் சொல்லப்போகும் கணக்குகள் எங்கே பிசகும் என்பது இதிலிருந்துதான் புரியும். குளோமருலஸை அடுத்து வரும் முதல் பகுதியான அண்மை நுண்குழலின் செல்லுக்குள் மின்னழுத்தம் வெளியைவிட எதிர்மமாக இருக்கிறது. பாரா-அமினோஹிப்பூரேட், இனிமேல் பிஏஎச் என்றே எழுதுகிறேன், இரத்தத்தின் அமிலநிலையில் எதிர்மின்னூட்டம் கொண்ட அயனி. எதிர்மின்னூட்டம் உள்ள ஒன்று, எதிர்மமாக இருக்கும் செல்லுக்குள் தானாக நுழையாது. ஆகவே செல் ஒரு பண்டமாற்றுச் செய்கிறது. இரத்தப் பக்கத்துச் சவ்வில் இருக்கும் ஓஏடி1 என்ற கடத்துப் புரதம், உள்ளேயிருந்து ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட்டை வெளியே விட்டு, அதற்கு ஈடாக ஒரு பிஏஎச்சை உள்ளே எடுக்கிறது. வெளியே போன கீட்டோகுளூட்டரேட்டை, சோடியத்தோடு சேர்த்து மற்றொரு கடத்தி திரும்ப உள்ளே இழுத்து வருகிறது. அப்படி உள்ளே வந்த சோடியத்தை ஏடிபி செலவழித்து வெளியேற்றுவது சோடியம்-பொட்டாசியம் பம்பு. முதலில் பம்பு, அடுத்து சோடியம், பின் கீட்டோகுளூட்டரேட், கடைசியில் பிஏஎச் என மூன்று படிகள் தள்ளித்தான் ஏடிபியின் ஆற்றல் பிஏஎச்சிடம் வந்து சேர்கிறது. ஆக்சிஜன் குறைந்து பம்பு தளர்ந்தால், ஓஏடி1 புரதம் முழுதாக இருந்தும் பிஏஎச் எடுப்பது குறையும். செல்லுக்குள் சேர்ந்த பிஏஎச் மறுபக்கத்துச் சவ்விலுள்ள வேறு கடத்திகள் வழியாகக் குழலுக்குள் வெளியேறுகிறது.

உடம்பில் இல்லாத ஒரு செயற்கைப் பொருளுக்கு இயற்கை ஏன் கடத்தி வைத்திருக்கிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கடத்தி பிஏஎச்சுக்காக உண்டானதன்று. நாம் சாப்பிடும் பழம், காய், தேநீர் ஆகியவற்றிலிருந்து குடலில் உருவாகும் பென்சாயிக் அமிலத்தோடு கல்லீரல் கிளைசினைச் சேர்த்து ஹிப்பூரிக் அமிலமாக்குகிறது. அதை வெளியேற்றும் வாசல் இதுதான். பிஏஎச் என்பது அதே ஹிப்பூரிக் அமிலத்தில் ஓர் அமினோத் தொகுதி கூடுதலாக ஒட்டியது. ஓஏடி1ம் அதன் உறவான ஓஏடி3ம் ஆளைப் பார்த்து அனுமதிப்பதில் அவ்வளவு கண்டிப்பானவை அல்ல. எதிர்மின்னூட்டமும் கொழுப்பை நாடும் ஒரு பகுதியும் இருந்தால் போதும். பெனிசிலின், மெத்தோட்ரெக்ஸேட், ஃபுரோசமைட், பல வலிநிவாரணிகள், யூரிக் அமிலம் எல்லாம் இந்த வாசலுக்கே வந்து நிற்கின்றன. இதனால்தான் அவற்றுக்குள் போட்டி வருகிறது. உங்கள் தாத்தாவின் மாத்திரை கதைக்குள் வருவதும் இங்கேதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. 60 கிலோ எடையுள்ள, சிறுநீரகம் நலமாக இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் அவருக்குத் தாராளமாகத் தண்ணீர் கொடுப்பார்கள். சிறுநீர் நன்றாக ஓடினால்தான் சேகரிப்பில் பிழை குறையும். பிஏஎச் செலுத்துவதற்கு முன்பே ஓர் இரத்த மாதிரியும் ஒரு சிறுநீர் மாதிரியும் எடுத்து வைப்பார்கள். பிறகு கிலோவுக்கு 8 மில்லிகிராம் வீதம் 480 மில்லிகிராமைத் தொடக்க அளவாகச் சிரை வழியே மெதுவாகச் செலுத்துவார்கள். அதைத் தொடர்ந்து நிமிடத்துக்கு 12 மில்லிகிராம் வீதம் பம்பின் மூலம் விடாமல் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். பிளாஸ்மாவில் செறிவு ஏறாமலும் இறங்காமலும் நின்ற பிறகுதான் அளவீடு தொடங்கும். 20 நிமிடம் கொண்ட மூன்று காலங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் சிறுநீர், நடுவில் இரத்தம்.

முதல் காலத்தில் 60 மில்லிலிட்டர் சிறுநீர் வந்தது, அதாவது நிமிடத்துக்கு 3. அதில் மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் பிஏஎச் இருந்தது. பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்கு 0.02 மில்லிகிராம்.

கிளியரன்ஸ் = சிறுநீர்ச் செறிவு × நிமிடச் சிறுநீர் அளவு ÷ பிளாஸ்மாச் செறிவு = 4 × 3 ÷ 0.02 = 600 மில்லிலிட்டர்.

நீங்கள் பார்த்த அதே 600. இந்த 12 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் ஐயம் தீரும். பிஏஎச்சில் ஒரு சிறு பகுதி பிளாஸ்மாப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். கணக்குக்காக ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டல் வீதம் 120 என்றால், வடிகட்டலின் மூலம் குழலுக்குள் இறங்குவது 120 × 0.02 × 0.8, அதாவது 1.9 மில்லிகிராம்தான். சிறுநீரில் வந்ததோ 12. மீதமுள்ள 10 மில்லிகிராமுக்கும் சற்றுக் கூடுதலானதைச் செல்கள் சுரந்திருக்கின்றன. புரதத்தோடு ஒட்டியிருந்ததும் தப்புவதில்லை. தனியாக இருப்பதைச் செல் எடுக்க எடுக்க, ஒட்டியிருப்பது பிரிந்து வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. வடிகட்டலுக்கு அகப்படாதது சுரப்புக்கு அகப்படுவது இப்படித்தான்.

இதை ஏன் பிளாஸ்மா ஓட்டம் என்கிறோம்? பாசிர் ரிஸ் போன்ற கடைசி நிலையத்தில் எல்லாப் பயணிகளும் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே வாசலில் ஆட்களை எண்ணினாலே ரயில் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். சிறுநீரகத்துக்கு வரும் பிஏஎச் முழுவதும் சிறுநீரில் இறங்கிவிட்டால், சிறுநீரில் இருப்பதே வந்து சேர்ந்த அளவு. வந்து சேர்ந்த அளவைப் பிளாஸ்மாச் செறிவால் வகுத்தால், அதைச் சுமந்து வந்த பிளாஸ்மாவின் அளவு கிடைக்கும். உள்ளே வந்தது, வெளியே போனது இரண்டையும் சமன்படுத்தும் ஃபிக் கோட்பாட்டைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. கையிலோ காலிலோ உள்ள திசுக்கள் பிஏஎச்சைக் குறிப்பிடும்படி எடுப்பதில்லை. அதனால் தமனியைக் குத்தாமல் கைச்சிரை இரத்தத்தையே பயன்படுத்தலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

ஆனால் "முழுவதும்" என்று சொன்னது சற்று மிகை. நலமான சிறுநீரகத்தில் குறைந்த செறிவில் ஏறத்தாழ 90 சதவீதம்தான் எடுக்கப்படுகிறது. மீதி 10 சதவீதம் செல்களின் சோம்பலால் தப்புவதில்லை. சிறுநீரக உறைக்கும் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து சேரும் குழிவுக்கும் போகும் இரத்தம் சுரக்கும் செல்களைப் பார்ப்பதே இல்லை. சிறுநீரகத்தின் உட்பகுதியான அகணிக்கு அருகிலிருக்கும் குளோமருலஸ்களிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக அகணிக்குள் இறங்கிவிடுவதால் அதுவும் அண்மை நுண்குழலைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது. இதனால் 600 என்பதைப் பயனுறு பிளாஸ்மா ஓட்டம் என்கிறோம். உண்மையான ஓட்டம் 600ஐ 0.9ஆல் வகுத்தால் வரும் 667. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 0.40 என்றால் முழு இரத்த ஓட்டம் 667 ÷ 0.60, ஏறத்தாழ 1,110 மில்லிலிட்டர். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைக்கிறது என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கைப்பிடி அளவுள்ள இரண்டு உறுப்புகளுக்குப் போகிறது. அவற்றின் சொந்த ஆக்சிஜன் தேவைக்கு இவ்வளவு வேண்டியதில்லை. சுத்திகரிப்புக்காகத்தான் இந்த வெள்ளம்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரு நிபந்தனைக்குள் மட்டுமே உண்மை: பிளாஸ்மாச் செறிவு குறைவாக இருக்க வேண்டும். கடத்திகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. ஒரு வயதுவந்தவரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் பிஏஎச்சைத்தான் சுரக்க முடியும். இதே பெண்ணுக்கு யாரோ கவனக்குறைவாகச் செலுத்தும் வேகத்தை மிகவும் கூட்டிவிட்டு, பிளாஸ்மாவில் செறிவு 0.5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் மாறவில்லை, அதே 667. வந்து சேரும் பிஏஎச் நிமிடத்துக்கு 333 மில்லிகிராம். வடிகட்டலில் இறங்குவது 120 × 0.5 × 0.8, அதாவது 48. சுரப்பு எவ்வளவு முயன்றாலும் 80. மொத்தம் 128 மில்லிகிராம் சிறுநீரில் வரும். கிளியரன்ஸ் 128 ÷ 0.5, வெறும் 256. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இரத்தமும் குறையவில்லை. ஆனாலும் கணக்கை மட்டும் பார்ப்பவர் ஓட்டம் பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுவார். செறிவை 1.0 ஆக்கினால் விடை இன்னும் இறங்கி 176க்கு வரும். ஏற்ற ஏற்ற, சுரப்பின் பங்கு மங்கி, கிளியரன்ஸ் வடிகட்டல் மட்டும் தரும் அளவை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும்.

இந்த வீழ்ச்சியைத் தவறாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வேண்டுமென்றே செறிவை உயர்த்தி, சிறுநீரில் வந்ததிலிருந்து வடிகட்டலில் இறங்கியதைக் கழித்தால், செல்களின் சுரக்கும் திறன் நேரடியாகக் கிடைக்கும். வேலை செய்யும் அண்மை நுண்குழல் செல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதற்கு அது ஓர் அளவுகோல். நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 1930களிலும் 1940களிலும் இந்த இரண்டு அளவுகளையும் முறைப்படுத்தினார்கள். முதலில் அவர்கள் பயன்படுத்தியது டயோட்ராஸ்ட் என்ற அயோடின் சேர்மம். பிஏஎச் 1945 வாக்கில் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரே பொருள், குறைந்த செறிவில் ஓட்டத்தையும் மிகுந்த செறிவில் செல்களின் திறனையும் காட்டுகிறது. எதை அளக்கிறோம் என்று தெரியாமல் இடைப்பட்ட செறிவில் அளந்தால் இரண்டும் கலந்த, எதற்கும் உதவாத எண்தான் கையில் மிஞ்சும். 0.02 என்ற செறிவைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான். 667 ஓட்டத்தில் 0.12 செறிவு இருந்தாலே வந்து சேர்வது 80 மில்லிகிராமைத் தொட்டுவிடும். எல்லாக் கடத்திகளும் ஒரே நேரத்தில் நிறைவதும் இல்லை. ஆகவே அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்பதே பாதுகாப்பு.

நடைமுறையில் அதிகம் கெடுப்பது கடத்தியைவிட சிறுநீர்ப்பை என்பது என் கருத்து. மேலே சொன்ன பெண்ணின் முதல் காலத்தில் சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் 15 மில்லிலிட்டர் உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? கைக்கு வருவது 45 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 2.25. செறிவு அதே 4. கிளியரன்ஸ் 2.25 × 4 ÷ 0.02, அதாவது 450. அடுத்த காலத்தில் பையை முழுவதும் காலி செய்தால், தங்கிய 15ம் சேர்ந்து 75 மில்லிலிட்டர் வரும். கிளியரன்ஸ் 750 என்று தாவும். 20 நிமிட இடைவெளியில் ஓட்டம் 450இலிருந்து 750க்கு ஏறியது என்று நம்ப ஒருவரும் அவசரப்படக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இப்படி ஒரு காலம் தாழ்ந்து அடுத்த காலம் அதே அளவுக்கு உயர்வது. இரண்டாவது, வடிகட்டலால் மட்டுமே வெளியேறும் இன்யூலின் என்ற பொருளையும் ஏற்றி, அதே சிறுநீரில் அதன் கிளியரன்ஸையும் அளந்தால் வடிகட்டல் வீதம் 120இலிருந்து 90 ஆகக் குறைந்து தெரியும். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், வடிகட்டல் வீதத்தை ஓட்டத்தால் வகுத்து வரும் பின்னம் மாறவே மாறாது: 120 ÷ 600ம் 0.20தான், 90 ÷ 450ம் 0.20தான். சிறுநீர் அளவு இரண்டு கணக்கிலும் பொதுவாக இருப்பதால் அதன் பிழை இந்தப் பின்னத்தில் அடிபட்டுப் போகிறது. சிறுநீரகத்தில் உண்மையாகவே ஏதோ மாறியிருந்தால் பெரும்பாலும் இந்தப் பின்னமும் சேர்ந்து அசையும். எடுத்துக்காட்டாக, வெளிச்செல் நுண்தமனி சுருங்கினால் ஓட்டம் குறையும், வடிகட்டல் அவ்வளவு குறையாது, பின்னம் உயரும். மூன்றாவது வழி இன்னும் எளிது. நிலையான நிலையில் உள்ளே ஏற்றும் வீதமும் சிறுநீரில் வெளியேறும் வீதமும் சமம். நிமிடத்துக்கு 12 ஏற்றுகிறோம். சிறுநீரில் 9தான் வருகிறது. பிளாஸ்மாச் செறிவோ அசையாமல் 0.02இல் நிற்கிறது. அப்படியென்றால் காணாமல் போன 3 மில்லிகிராம் பையில்தான் இருக்கிறது. சிலர் இதையே முறையாக்கி, சிறுநீரைத் தொடாமல் ஏற்றும் வீதத்தைப் பிளாஸ்மாச் செறிவால் வகுத்தே 12 ÷ 0.02 = 600 என்று கணக்கிடுகிறார்கள். செறிவு உண்மையிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் அதற்கு நிபந்தனை.

ஆய்வகத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பிஏஎச்சின் அமினோத் தொகுதியைச் சாயமாக மாற்றி, நிறத்தின் அடர்வைக் கொண்டு செறிவை அளக்கும் முறை வெகுகாலம் வழக்கில் இருந்தது. சல்ஃபா மருந்துகளிலும் அதே வகை அமினோத் தொகுதி உண்டு. நோயாளி அதைச் சாப்பிட்டிருந்தால் பிஏஎச்சோடு சேர்ந்து அதுவும் நிறம் காட்டும். ஏற்றுவதற்கு முன் எடுத்து வைத்த மாதிரிகள் இங்கேதான் உதவுகின்றன. மறுபுறம், பிஏஎச்சில் ஒரு பகுதி உடலில் அசெட்டைல் சேர்ந்த வடிவமாக மாறினால் அது நிறம் காட்டாமல் தப்பிவிடும்.

இப்போது முறையின் உண்மையான எல்லைக்கு வருகிறேன். 90 சதவீதம் என்ற எண் நலமான சிறுநீரகத்தின் எண். நோயுற்ற சிறுநீரகத்துக்கு அதை இரவல் கொடுக்கக் கூடாது. அதிர்ச்சியாலோ இரத்தம் தடைப்பட்டதாலோ நுண்குழல் செல்கள் சேதமடைந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்மாச் செறிவு அதே 0.02, சிறுநீரில் நிமிடத்துக்கு 3.2 மில்லிகிராம் பிஏஎச் வருகிறது. கிளியரன்ஸ் 160. வழக்கம்போல 0.9ஆல் வகுத்து ஓட்டம் 178 என்று எழுதினால், சிறுநீரகத்துக்கு இரத்தமே போகவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். ஆனால் சிறுநீரகச் சிரையில் ஒரு குழாயைச் செலுத்தி இரத்தம் எடுத்தால் அங்கே செறிவு 0.012 என்று இருக்கிறது. வந்த 0.02இல் 0.008தான் எடுக்கப்பட்டிருக்கிறது, பிரித்தெடுப்பு விகிதம் 0.4. உண்மையான ஓட்டம் 160 ÷ 0.4, அதாவது 400. ஓட்டம் குறைந்தது உண்மை, ஆனால் கணக்குச் சொன்ன அளவுக்கு இல்லை. பெரும்பங்குக் குறை, இரத்தத்தைப் பெற்றும் வேலை செய்ய முடியாத செல்களுடையது. நலமான பெண்ணின் சிரையில் இதே இடத்தில் 0.002தான் இருந்திருக்கும். சிறுநீரகச் சிரை மாதிரி இல்லாத பிஏஎச் கிளியரன்ஸை, தீவிரச் சிறுநீரகச் சேதத்திலும் புதிதாக மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்திலும் ஓட்டம் என்று பெயரிட்டு எழுதுவதை நான் ஏற்பதில்லை.

சிரைக்குள் குழாய் செலுத்துவதும் மணிக்கணக்கில் மருந்து ஏற்றுவதும் எல்லாருக்கும் செய்யக்கூடிய காரியம் அல்ல. அதனால் இந்தச் சோதனை இன்று ஆராய்ச்சிக்கே பெரும்பாலும் பயன்படுகிறது. பலதுறை மருந்தகத்தில் உங்கள் தாத்தாவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் இருப்பது கிரியேட்டினினிலிருந்து கணக்கிட்ட வடிகட்டல் வீதம், ஓட்டம் அன்று. மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவில் செய்யும் மேக்3 ஸ்கேன்தான் பிஏஎச்சின் நெருங்கிய வாரிசு. அந்தக் கதிரியக்கப் பொருளும் ஓஏடி1 வாசல் வழியாகவே சுரக்கப்படுகிறது. புரதத்தோடு மிகுதியாக ஒட்டுவதால் வடிகட்டலில் அதன் பங்கு சொற்பம். இடது வலது சிறுநீரகங்கள் வேலையை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்று காமிராவில் பார்க்கலாம். அதன் கிளியரன்ஸ் பிஏஎச்சைவிடக் குறைவு என்பதால் அந்த எண்ணை அப்படியே பிளாஸ்மா ஓட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி தாத்தாவின் மாத்திரை. அதன் பிறப்பே இந்த வாசலில்தான். 1940களின் தொடக்கத்தில் பெனிசிலின் கிடைப்பது அரிதாக இருந்தது. செலுத்தியதில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் நுண்குழல் சுரப்பால் சிறுநீரில் போய்விடும். 1941இல் ஆக்ஸ்ஃபர்டில் முதல் நோயாளிக்குக் கொடுத்தபோது அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தை மீட்டெடுத்து மறுபடியும் செலுத்தினார்கள். பெனிசிலினும் பிஏஎச்சும் ஒரே வாசலில் போட்டியிடுகின்றன என்றால், பிஏஎச்சை நிறைய ஏற்றி வாசலை அடைத்துவிடலாமே என்று அமெரிக்காவில் கார்ல் பேயர் 1944இல் முயன்றார். பெனிசிலின் இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கியது. ஆனால் பிஏஎச்சே படுவேகமாக வெளியேறிவிடும் பொருள். அதைக் கிராம் கிராமாக விடாமல் ஏற்ற வேண்டியிருந்தது. வாசலை அடைக்க வேண்டும், தானும் எளிதில் வெளியேறாமல் இருக்க வேண்டும் என்ற தேடலில் 1950களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது புரோபெனெசிட். கொழுப்பில் நன்கு கரைவதால் குழலுக்குள் போனதும் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டு உடலிலேயே நெடுநேரம் தங்குகிறது.

சுரப்பைத் தடுக்கும் மருந்து யூரிக் அமிலத்தை வெளியேற்ற எப்படி உதவும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யூரிக் அமிலம் குழலில் இரு திசைகளிலும் போகிறது. ஓஏடி வழியாகச் சுரக்கப்படுகிறது. குழலின் உட்பக்கத்தில் யூராட்1 என்ற வேறொரு கடத்தி வழியாக மீளவும் உறிஞ்சப்படுகிறது. வடிகட்டப்பட்டதில் ஏறத்தாழ 90 சதவீதம் இப்படி இரத்தத்துக்குத் திரும்பிவிடுவதால் இரண்டில் மீளுறிஞ்சலே வலியது. புரோபெனெசிட் இரண்டையும் தடுக்கிறது. வலியதைத் தடுப்பதன் விளைவே மேலோங்கி, சிறுநீரில் யூரிக் அமிலம் கூடுகிறது. கூடும் அமிலம் கல்லாகப் படியாமல் இருக்கத்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களிடம் இந்த மருந்து பலன் தராது. ஆஸ்பிரின் சேர்ந்தால் யூரிக் அமிலத்தை வெளியேற்றும் வேலை பலவீனமாகும்.

தாத்தா விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த வாசலில் வேறு யார் நிற்கிறார்கள் என்பதை. மூட்டு நோய்க்கோ சோரியாசிஸுக்கோ யாராவது அவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால், புரோபெனெசிட் அதன் சுரப்பைத் தடுத்து இரத்தத்தில் அளவை உயர்த்தும். எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் அளவுக்கு அது போகலாம். ஃபுரோசமைட் எழுதினால் சிக்கல் வேறு விதம். அந்த மருந்து வேலை செய்வது குழலின் உட்பக்கத்தில். இரத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் வடிகட்டலில் அது இறங்காது. சுரப்பு ஒன்றே வழி. அந்த வழி அடைபட்டால் மருந்து இரத்தத்தில் இருந்தும் குழலுக்குள் போதுமான அளவு வந்து சேராது. சிறுநீரகச் செயலிழப்பில் உடலில் தேங்கும் கரிம அமிலங்களும் இதே வாசலை அடைத்துக்கொள்கின்றன. ஃபுரோசமைட்டை அவர்களுக்குக் கூடுதல் அளவில் கொடுக்க வேண்டிவருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அவருடைய மருந்துப் பட்டியல் முழுவதையும், கடையில் தானாக வாங்கும் வலிநிவாரணிகள் உட்பட, ஒரே தாளில் எழுதி அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருந்தாளரிடம் காட்டுங்கள். புரோபெனெசிட் சாப்பிடும் ஒருவருக்கு பிஏஎச் சோதனையோ மேக்3 ஸ்கேனோ செய்ய நேர்ந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், இரத்தம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் எண்ணில் வறண்டு தெரியும்.